உணவகத்துக்கு மொத்தமாக டிகாஷன் இறக்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

வீட்டு ஃபில்டரில் நன்றாக வரும் டிகாஷன், அதே தூளையும் அதே தண்ணீரையும் கொண்டு உணவகத்தின் பெரிய ஃபில்டரில் இறக்கும்போது ஏன் கசக்கிறது, ஏன் சொட்டாமல் நிற்கிறது என்ற கேள்வியைப் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் காப்பி போடுகிற பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான கோளாறுகள் தூளின் தரத்தால் வருவதில்லை. ஃபில்டருக்குள் தூள் எத்தனை உயரத்துக்கு நிற்கிறது என்பதை யாரும் அளந்து பார்க்காததால்தான் வருகின்றன. கீழே, கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகும் முறையில் எழுதியிருக்கிறேன்.

முதலில், சரியாக இறங்கும் டிகாஷன் எப்படி இருக்கும்

கோளாறைக் கண்டுபிடிக்க, கோளாறு இல்லாத நிலை எது என்பது தெரிந்திருக்க வேண்டும். உள்விட்டம் 18 செ.மீ. உள்ள, குழாய் வைத்த எவர்சில்வர் ஃபில்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்பது பங்கு காப்பியும் இருபது பங்கு சிக்கரியும் கலந்த 500 கிராம் தூளை அதன் மேல் பாத்திரத்தில் போட்டுச் சமப்படுத்தினால், தூள் ஏறத்தாழ 5 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். இதற்கு மொத்தம் இரண்டரை லிட்டர் தண்ணீர் வேண்டும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் விட்டு, 95 டிகிரி அளவில் இருக்கும்போது ஊற்றுவது நல்லது. கோலாலம்பூர் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை என்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில்தான் கொதிக்கிறது. ஆகவே கொதிநிலையை நம்பியே கணக்குப் போடலாம்.

ஃபில்டரின் இரண்டு பாத்திரங்களையும் வெந்நீர் ஊற்றி முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ள வேண்டும். தூளைப் போட்டதும் குடையை அழுத்தாமல் மேலே வைத்து, முதலில் ஒரு லிட்டர் தண்ணீரை மட்டும் நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்றி, மூடி போட்டு நான்கு நிமிடம் விடவேண்டும். தூள் முழுவதும் நனைந்து உப்பி அடங்குவதற்கு இந்த நேரம் தேவை. பிறகு மீதி ஒன்றரை லிட்டரை இரண்டு தவணையாக, முதல் தவணைத் தண்ணீர் குடையின் மட்டத்துக்கு இறங்கியதும் அடுத்ததை ஊற்றினால், மொத்தம் நாற்பது நிமிட அளவில் இறங்கி முடிந்துவிடும்.

தூள் தன் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீரைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே ஊற்றிய இரண்டரை லிட்டரில் ஒரு லிட்டர் தூளோடு தங்கி, கீழே ஒன்றரை லிட்டர் கிடைக்கும். ஒரு டம்ளருக்கு 30 மி.லி. டிகாஷனும் 110 மி.லி. பாலும் என்ற கணக்கில் இது ஐம்பது டம்ளர் காப்பிக்கு வரும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு கிடைத்தது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்ற மூன்றையும் அடுப்படிச் சுவரில் ஒரு தாளில் எழுதி வைத்தால், கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதியை ருசி பார்க்காமலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அறிகுறி: சொட்டுவது மிக மெதுவாக இருக்கிறது, அல்லது நின்றே போய்விட்டது

கடை திறக்கும் நேரத்தில் வரும் கோளாறுகளில் இதுதான் ஆளைத் திணறடிப்பது. இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. அவற்றை எளிதில் சோதிக்கக்கூடியதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் காற்று அடைப்பைப் பாருங்கள். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தின் வாயில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால், சொட்டும் டிகாஷனுக்கு வழிவிட்டுக் கீழே இருக்கும் காற்று வெளியேற முடியாது. விளிம்பில் ஈரம் படிந்திருந்தால் இந்த இறுக்கம் இன்னும் கூடும். துணி பிடித்து மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கிப் பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று வெளியேறி உடனே சொட்டு வேகமெடுத்தால் கோளாறு அதுதான். விளிம்பில் ஒரு மரக்குச்சியைச் செருகி இடைவெளி விட்டால் போதும். தூக்கியும் வேகம் மாறவில்லை என்றால் இந்தக் காரணத்தை விட்டுவிடலாம்.

அடுத்தது சல்லடைத் துளைகள். இதை டிகாஷன் இறங்கும்போது பார்க்க முடியாது. இறங்கி முடிந்து கழுவிய பிறகு மேல் பாத்திரத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எல்லாத் துளைகளிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். காப்பியின் எண்ணெயும் நுண்தூளும் சேர்ந்து நாளடைவில் துளையின் ஓரத்தில் பழுப்பாக ஒட்டி, துளையைச் சிறிது சிறிதாகச் சுருக்கிவிடும். தினமும் ‘கொஞ்சம் மெதுவாக’, ‘இன்னும் கொஞ்சம் மெதுவாக’ என்று வாரக்கணக்கில் நேரம் கூடிக்கொண்டே போனால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வாரம் ஒரு முறை சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் அடிப்பக்கத்திலிருந்து தேய்த்து, வாசனை போகும்வரை அலசினால் துளைகள் திறந்துகொள்ளும்.

மூன்றாவது, தூளின் நயம். விரலிடுக்கில் தேய்த்தால் மாவுபோல வழுக்கும் தூள் ஃபில்டருக்கு ஆகாது. ரவையைவிடச் சற்று மென்மையாக, ஆனால் மணல் நெருடல் தெரிய வேண்டும். எஸ்பிரெசோ இயந்திரத்துக்கு அரைத்த தூளைக் கைக்குக் கிடைத்தது என்று ஃபில்டரில் போட்டால் அது சேறாகப் படிந்து துளையை அடைத்துவிடும்.

நான்காவதும் உணவகங்களில் மிகுதியாகக் காணப்படுவதும் தூளின் உயரம். இதை மட்டும் ஒரு நடந்த சம்பவத்தைக் கொண்டு விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் காலை ஆறரை மணிக்குத் திறக்கும் ஒரு பலகாரக் கடையில், வார நாள்களில் மேலே சொன்ன 18 செ.மீ. ஃபில்டரில் 500 கிராம் தூள் போட்டு ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு டிகாஷன் வைப்பார்கள். ஆறு மணிக்குள் தயாராகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரும் கூட்டம் அதிகம் என்பதால், காப்பி போடும் தம்பி அதே ஃபில்டரில் ஒரு கிலோ தூளைப் போட்டு, ஐந்து லிட்டர் தண்ணீரைத் தவணை தவணையாக ஊற்றத் தொடங்கியிருக்கிறார். ஆறரை மணிக்குக் கீழே ஒரு லிட்டர்கூடச் சேரவில்லை. அவசரத்தில் கரண்டிக் காம்பால் குடையை அழுத்தியதும் சொட்டு அறவே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு அழைப்பு வந்தது.

“அண்ணே, தூளை ரெண்டு மடங்காக்கினேன், தண்ணியையும் ரெண்டு மடங்காக்கினேன். அளவு சரிதானே? நேரம் மட்டும் ஏன் இப்படி இழுக்குது?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விகிதம் மாறவே இல்லை. மேல் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தோம், காற்று வெளியேறவில்லை, வேகமும் மாறவில்லை. துளைகள் முந்தின நாள்தான் சுத்தம் செய்யப்பட்டிருந்தன. குடையை எடுத்துப் பார்த்தபோது, தூளின் மேற்பரப்பு பிசைந்த மண்ணைப் போலக் கெட்டியாக, விரலை வைத்தால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிக் கிடந்தது.

நடந்தது இதுதான். ஒரே பாத்திரத்தில் தூளை இரண்டு மடங்காக்கினால் தூளின் உயரம் 5 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. ஆகிறது. தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் இரட்டிப்பாவதால் அது இறங்கும் வேகம் பாதியாகக் குறைகிறது. அந்தப் பாதி வேகத்தில் இறங்க வேண்டிய தண்ணீரோ இரண்டு மடங்கு. ஆக, நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. நாற்பது நிமிடத்தில் முடிந்த வேலை இரண்டு மணி நாற்பது நிமிடம் பிடிக்கும் என்பது கணக்கு. நடைமுறையில் கொஞ்சம் முன்பின் ஆகலாம். மேலே நிற்கும் தண்ணீரின் பாரத்தில் அடித்தூள் இன்னும் நெருங்கிக்கொள்வதும், நுண்தூள் கீழிறங்கி அடியில் படிவதும் நேரத்தை மேலும் கூட்டுகின்றன. கரண்டிக் காம்பால் அழுத்தியது, இறுகிய படுகையில் மிச்சமிருந்த இடைவெளிகளையும் மூடிவிட்டது.

நேரம் கூடுவதோடு கோளாறு முடிவதில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மேலே நிற்கும் தண்ணீர் ஆறிப்போய்விடும். ஆறிய தண்ணீர் காப்பியின் நல்ல சாரத்தைச் சரியாக இழுக்காது. ஏற்கெனவே நீண்ட நேரம் ஊறிய அடித்தூளிலிருந்து கசப்பும் துவர்ப்பும் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் தாமதமாக இறங்கிய டிகாஷன், கறுப்பாக இருந்தும் மணமில்லாமல் இருக்கிறது.

அன்று காலைக்கு நாங்கள் செய்தது அவசர ஏற்பாடு மட்டுமே. கீழே இறங்கியிருந்த டிகாஷனைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, நனைந்த தூளில் பாதியை அள்ளித் துணி கட்டிய இன்னொரு பாத்திரத்தில் போட்டு, ஃபில்டரில் மீதியிருந்ததைக் கரண்டியால் மெதுவாகக் கிளறித் தளர்த்தி, இரண்டிலும் சூடான தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றி வடித்தோம். இப்படிக் கிடைத்தது நீர்த்துத்தான் இருந்தது. முதலில் இறங்கியதோடு கலந்து டம்ளருக்கு 40 மி.லி. ஊற்றிச் சமாளிக்க முடிந்தது. கிளறிய தூளில் மண்டி அதிகம் கலந்து வரும் என்பதால், துணியில் இரண்டாம் முறை வடிகட்டியே பயன்படுத்த வேண்டும்.

நிரந்தரத் தீர்வு, அதே அளவில் இன்னொரு ஃபில்டர் வாங்கியது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்காமல் ஒன்றை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கும் மற்றதை அதற்கு ஒரு மணி நேரம் கழித்தும் வைக்கச் சொன்னேன். முதல் ஐம்பது காப்பி தீரும் நேரத்துக்கு இரண்டாவது இறங்கித் தயாராக இருக்கும். கூட்டம் குறைந்தால் இரண்டாவதைத் தள்ளிப்போடலாம். ஒரே பாத்திரத்தில்தான் ஒரு கிலோ இறக்க வேண்டும் என்றால் பாத்திரம் உயரமாக இருக்கக் கூடாது, அகலமாக இருக்க வேண்டும். விட்டம் 25 செ.மீ.க்குச் சற்று மேல் இருந்தால் பரப்பு இரண்டு மடங்காகி, ஒரு கிலோ தூளும் அதே 5 செ.மீ. உயரத்தில் நிற்கும், நேரமும் நாற்பது நிமிடத்தை ஒட்டியே வரும். பாத்திரக் கடையில் ஃபில்டர் வாங்கும்போது எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்பதைவிட, ஒரு ஸ்கேலைக் கொண்டுபோய் மேல் பாத்திரத்தின் விட்டத்தை அளப்பது பயனுள்ளது. என் அனுபவத்தில் தூளின் உயரம் 6 செ.மீ.யைத் தாண்டினால் தொல்லை தொடங்குகிறது.

அறிகுறி: பத்தே நிமிடத்தில் இறங்கிவிட்டது, நிறம் வெளிறியிருக்கிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிரான கோளாறு. தண்ணீர் தூளின் ஊடாகப் பரவி இறங்காமல், ஓரிடத்தில் வழி கண்டுபிடித்து ஓடிவிட்டது என்று பொருள். இறங்கி முடிந்ததும் மேல் தூளைக் கரண்டியால் வெட்டிப் பாருங்கள். உள்ளே எங்காவது உலர்ந்த, வெளிர் பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். குடையை வைக்காமல் தண்ணீரை ஒரே இடத்தில் உயரத்திலிருந்து கொட்டுவதும், முதல் நனைப்புக்கு நேரம் கொடுக்காமல் முழுத் தண்ணீரையும் ஊற்றிவிடுவதும்தான் வழக்கமான காரணங்கள். கிடைத்த அளவும் இதைக் காட்டிக்கொடுக்கும்: உலர்ந்த தூள் தண்ணீரைப் பிடித்து வைக்காததால், ஒன்றரை லிட்டர் வர வேண்டிய இடத்தில் அதற்குக் கூடுதலாகக் கீழே சேர்ந்திருக்கும்.

அன்று வறுத்து அன்றே அரைத்த தூளிலும் இது நேரும். புதுத் தூளில் வறுக்கும்போது உண்டான கரியமில வாயு மிகுந்திருக்கும்; வெந்நீர் பட்டதும் அது நுரைத்துக் கிளம்பித் தூளைப் பிளந்து வழி உண்டாக்கும். அப்படிப்பட்ட தூளை ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துங்கள், அல்லது முதல் நனைப்பை நான்கு நிமிடத்திலிருந்து ஏழெட்டு நிமிடமாக நீட்டுங்கள்.

வெளிறி இறங்கிய டிகாஷனை மறுபடி அதே தூளின்மீது ஊற்றி இறக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு முறை செய்யலாம். ஆனால் அதைச் சூடாக்காமல் ஊற்றினால் பயனில்லை, கொதிக்கவிட்டு ஊற்றினால் மணம் போய்விடும். ஆவி பறக்கும் அளவுக்கு மட்டும் வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கி ஊற்றுவதே இடைப்பட்ட வழி.

அறிகுறி: முதல் இருபது காப்பி திடமாக இருக்கிறது, பிறகு வருவது தண்ணீராக இருக்கிறது

வாடிக்கையாளர் “நேற்று மாதிரி இல்லையே” என்று சொல்வதற்கு அடிக்கடி இதுதான் காரணம். ஆனால் தூளைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். முதலில் இறங்கும் டிகாஷன் அடர்த்தியானது. கடைசியில் இறங்குவது நீர்த்தது. அடர்த்தியானது கனமாக இருப்பதால் அடியிலேயே தங்க, நீர்த்தது அதன்மேல் மெல்லப் படர்ந்து நிற்கும். கீழ்ப் பாத்திரத்தின் குழாய் அடியில் இருப்பதால் முதலில் பிடிப்பவர்களுக்கு அடர்த்தியும், பின்னால் வருபவர்களுக்கு நீரும் கிடைக்கின்றன.

தீர்வுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இறங்கி முடிந்ததும் மேல் பாத்திரத்தை எடுத்துவிட்டு, நீண்ட கரண்டியால் அடியிலிருந்து மேலாக நான்கைந்து முறை கலக்கிவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே பாதியில் குழாயைத் திறந்து காப்பி போடுகிற பழக்கம் இருந்தால், அதை நிறுத்தாமல் இந்தக் கோளாறு தீராது.

அறிகுறி: கசக்கிறது, கரிந்த வாடை வருகிறது

மெதுவாக இறங்கியதால் வரும் கசப்பை மேலே பார்த்தோம். நேரம் சரியாக இருந்தும் கசந்தால், முதலில் டிகாஷனை யாராவது அடுப்பில் நேரடியாக வைத்துச் சூடாக்கினார்களா என்று கேளுங்கள். டிகாஷன் ஒரு முறை கொதித்துவிட்டால் அதைத் திருத்த வழியில்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது இரண்டாம் டிகாஷனைப் பற்றி. முதல் டிகாஷன் இறங்கிய தூளில் மறுபடி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி இறக்குவது கடைகளில் வழக்கம். அதில் நிறம் இருக்கும், கசப்பு இருக்கும், மணம் மட்டும் இருக்காது. முதல் டிகாஷனோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் பெரும்பாலானவர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நாக்கின் பின்புறத்தில் வறட்டுக் கசப்பு நிற்கும். முதல் டிகாஷன் இறங்கிய கையோடு இரண்டாவதை எடுத்துவிட வேண்டும். இந்த ஊர்ச் சூட்டில் ஈரத்தூளை மதியம்வரை போட்டு வைத்து எடுத்தால் புளித்த வாடையும் சேர்ந்துகொள்ளும். இதைப் புதுத்தூளின்மீது தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுகிற கடைகளும் உண்டு. நாள் செல்லச் செல்லக் கசப்பைச் சேர்த்துக்கொண்டே போகும் அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே மட்டும் எழும் ஒரு காரணமும் உண்டு. ஃபில்டர் தூள் தீர்ந்துபோன நாளில், பக்கத்துக் கடையில் கிடைக்கும் கோப்பி ஓ தூளைக் கலந்துவிடுவார்கள். மலேசியாவில் அந்தத் தூள் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுக்கப்படுவது. துணிப்பையில் ஊற்றி உடனே வடிப்பதற்கு ஏற்றது. அதை நாற்பது நிமிடம் ஊறவைத்தால் கருகிய சர்க்கரையின் கசப்பு முழுவதும் இறங்கிவிடும், கொழுப்பும் சல்லடையில் படியும். அந்தக் காப்பி அதன் முறையில் மிக நல்ல காப்பி. ஃபில்டர் அதற்கு இடமில்லை.

சிக்கரியையும் மறந்துவிடக் கூடாது. இருபது பங்கு சிக்கரி நிறத்தையும் திடத்தையும் தரும். அது நாற்பது பங்கை நெருங்கும்போது டிகாஷன் கறுத்துக் கெட்டியாகத் தோன்றினாலும், காப்பியின் கசப்புக்குப் பதிலாக வேரின் கசப்பு முன்னால் நிற்கும். தூளை வாங்கும்போது உறையில் எழுதியிருக்கும் கலவை விகிதத்தைப் படித்து வாங்குங்கள்.

அறிகுறி: காலையில் மணத்தது, பத்து மணிக்குப் புளிக்கிறது

இது இறக்கும் முறையில் உள்ள கோளாறு அல்ல, வைத்திருக்கும் முறையில் உள்ளது. டிகாஷன் சூட்டில் நிற்க நிற்க அதன் மணம் ஆவியாகப் போகிறது; அதிலுள்ள சில சேர்மங்கள் உடைந்து அமிலங்களாக மாறுவதால் புளிப்பும் கூடுகிறது. எவ்வளவு சூட்டில் வைக்கிறோமோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். ஆகவே ‘சூடாக இருந்தால் கெடாது’ என்று எண்ணி நாள் முழுவதும் கொதிக்கும் வெந்நீர்த் தொட்டியில் பாத்திரத்தை உட்கார வைப்பது, டிகாஷனை வேகமாக முதுமையாக்கும் வழி.

இறக்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் இறக்குவதே சிறந்தது. 500 கிராம் என்ற அளவை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: பரபரப்பான காலையில் ஐம்பது காப்பி அந்த நேரத்துக்குள் போய்விடும். டிகாஷனைச் சூடாக்காமல் மூடிய பாத்திரத்தில் வைத்து, கொதிக்கும் பாலை அதன்மீது ஊற்றினால், 30 மி.லி. டிகாஷனுக்கு 110 மி.லி. பால் என்ற அளவில் காப்பி குடிக்கும் சூட்டில் இருக்கும். சூடு போதவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் டம்ளரை வெந்நீரில் கழுவி எடுங்கள். டிகாஷனைத் தொட வேண்டாம்.

காலைக் கூட்டம் முடிந்து மாலைவரை இடைவெளி இருக்கும் கடைகளில் மீந்த டிகாஷனை என்ன செய்வது? மதியம்வரை மேசைமேல் வைத்திருந்து பிறகு யோசிப்பது சரியல்ல. கூட்டம் குறைந்த உடனேயே வாய் குறுகிய கண்ணாடி அல்லது எவர்சில்வர் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அன்று மாலைக்குப் பயன்படும். புதிதாக இறக்கியதற்கு அது ஈடாகாது. குளிர்காப்பிக்கு மிகவும் பொருந்தும். மறுநாள் காலைக்கு அதை எடுத்து வைக்காதீர்கள்.

இறக்கிய உடனேயே மணம் இல்லை என்றால் கோளாறு தூளில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் தூளின் உறையில் அரைத்த தேதியைப் பாருங்கள். காலாவதித் தேதி எட்டத்தில் இருப்பது மணத்துக்கு உத்தரவாதம் அல்ல. உறையைப் பிரித்த தூளை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கோலாலம்பூரின் ஈரக்காற்றில் அடுப்பங்கரைத் தட்டில் திறந்து கிடக்கும் தூள் சில நாள்களிலேயே கட்டிதட்டும். இதற்குப் பயந்து டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்து, தினமும் எடுத்துத் திறந்து, மூடி உள்ளே வைப்பது இன்னும் கெடுதல்: குளிர்ந்த தூளின்மீது வெளிக்காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து உள்ளேயே தங்கிவிடும். ஐந்து கிலோ மூட்டையாக வாங்கினால், வாங்கிய அன்றே 500 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி, ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் முழுவதும் ஃபில்டரில் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு பிடிக்கும் வேலையும் காலையில் மிச்சமாகும்.

அறிகுறி: பால் திரிகிறது

ஒரு கரண்டிப் பாலைத் தனியாகக் கொதிக்கவிட்டுப் பாருங்கள். தனியாகவே திரிந்தால் பால் கெட்டது. தனியாகத் திரியாத பால் டிகாஷனோடு சேரும்போது மட்டும் திரிந்தால், டிகாஷன் பழையது, அல்லது பால் புளிக்கத் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது; புதிதாக இறங்கிய டிகாஷனில் அதே பாலை ஊற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும். குழாயின் உள்புறத்தையும் பார்க்க மறக்காதீர்கள். நேற்றைய டிகாஷன் அதில் ஒரு வாய் அளவு தேங்கியிருந்து, இன்றைய முதல் டம்ளரில் வந்து பாலைத் திரிக்கும். இரவு கழுவும்போது குழாயைக் கழற்றிச் சிறு பிரஷ்ஷால் தேய்த்து, திறந்த நிலையிலேயே காயவைக்க வேண்டும்.